கடைசி வரியில் நிற்கும் எஃப்

ரெக்ரஷன் கணக்கைக் கணினியில் ஓட்டினால் திரை நிறைய எண்கள் வந்து விழும். பெரும்பாலோர் கண் முதலில் போவது நட்சத்திரக் குறிகளுக்கு. எந்த மாறிக்குப் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் வரியை ஒரு சம்பிரதாயம்போலக் கடந்துவிடுவார்கள். ஆய்வேடுகளிலும் அப்படித்தான்: "எஃப் மதிப்பு குறிப்பிடத்தக்கது, ஆகவே மாதிரி பொருத்தமானது" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அந்த எஃப் சொல்லவே இல்லை.

அது எதைச் சொல்கிறது என்று பார்க்க, புள்ளியியல் வகுப்புகளில் தேய்ந்துபோன ஒரு தரவையே எடுத்துக்கொள்வோம். தேய்ந்த தரவில் ஒரு வசதி உண்டு. யார் வேண்டுமானாலும் அதே கணக்கைப் போட்டு, அதே விடை வருகிறதா என்று சரிபார்க்கலாம். அமெரிக்காவின் 'மோட்டார் டிரெண்ட்' இதழ் 1974-இல் வெளியிட்ட 32 கார்களின் விவரம் அது. ஹென்டர்சனும் வெல்லமனும் 1981-இல் ஒரு கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று ஆர் மென்பொருளை நிறுவினாலே `mtcars` என்ற பெயரில் கூடவே வந்துவிடுகிறது. காரின் எடையையும் (`wt`, ஆயிரம் பவுண்டுக் கணக்கில்) எஞ்சினின் குதிரைத்திறனையும் (`hp`) கொண்டு மைலேஜைக் (`mpg`, ஒரு அமெரிக்க கேலனுக்கு எத்தனை மைல்) கணிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. `summary(lm(mpg ~ wt + hp, data = mtcars))` என்று அடித்தால் கடைசியில் வருவது இது:

```
Residual standard error: 2.593 on 29 degrees of freedom
Multiple R-squared:  0.8268, Adjusted R-squared:  0.8148
F-statistic: 69.21 on 2 and 29 DF,  p-value: 9.109e-12
```

இந்த 69.21 எங்கிருந்து வந்தது? எடையும் குதிரைத்திறனும் தெரியாத ஒருவரிடம் "இந்தக் காரின் மைலேஜ் என்ன?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? 32 கார்களின் சராசரியைச் சொல்வார். அது கேலனுக்கு 20.09 மைல், நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் எட்டரை கிலோமீட்டர். எந்தக் காரைக் கேட்டாலும் அவருக்கு அதே பதில்தான். ரெக்ரஷன் போட்டிபோடுவது இந்தச் சராசரியோடுதான். எஃப் சோதனையின் எதிராளி இன்னொரு நல்ல மாதிரி அல்ல. எதுவுமே தெரியாத சராசரி.

லிங்கன் கான்டினென்டலைப் பாருங்கள். 5,424 பவுண்டு எடையுள்ள ராட்சசக் கார். அதன் உண்மையான மைலேஜ் 10.4. சராசரியை வைத்துச் சொன்னவர் 9.69 மைல் தப்பிவிட்டார். நம் சமன்பாடு எடையையும் 215 குதிரைத்திறனையும் பார்த்து 9.36 என்று கணித்தது, தப்பியது 1.04 மட்டும். சராசரியின் தவறை வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 94, சமன்பாட்டின் தவறை வர்க்கப்படுத்தினால் 1.1. இங்கே சமன்பாட்டுக்கு அபார வெற்றி.

எல்லாக் காரிலும் அப்படி நடப்பதில்லை. மஸ்டா ஆர்எக்ஸ்4-இன் மைலேஜ் 21. சராசரி தப்பியது 0.91 மைல்தான். எடை, குதிரைத்திறன் எல்லாம் கேட்டுக்கொண்டு நம் சமன்பாடு 23.57 என்று சொல்லி இரண்டரை மைல் தப்பியது. ஒன்றும் தெரியாதவர் இந்தக் காரில் ஜெயித்துவிட்டார்! ஒரு காரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால்தான் 32 கார்களின் தவறுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். சராசரியின் தவறுகளைக் கூட்டினால் 1126.05. சமன்பாட்டின் தவறுகளைக் கூட்டினால் 195.05. இரண்டுக்கும் இடையே உள்ள 931.00, எடையும் குதிரைத்திறனும் சேர்ந்து விளக்கிவிட்ட பகுதி. இந்த மூன்று எண்களையும் வரிசையாக எழுதி வைத்தால் அதுதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணை. எல்லோர் வாயிலும் 'அனோவா டேபிள்'. எக்செலில் இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

```
            df       SS       MS      F
Regression   2   931.00   465.50  69.21
Residual    29   195.05     6.73
Total       31  1126.05
```

931-ஐ 1126.05-ஆல் வகுத்தால் 0.8268. மேலே திரையில் பார்த்த ஆர் ஸ்கொயர் அதுதான். மைலேஜில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 83 விழுக்காட்டை இரண்டு மாறிகள் விளக்கிவிட்டன என்று அர்த்தம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே, எஃப் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதில் `df` என்ற பத்தியில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வரையற்ற பாகைகள் என்று படித்திருப்போம். மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அந்த எண்கள்தான் இந்த அட்டவணையின் உயிர்நாடி.

ஒரு குறும்பு செய்து பார்ப்போம். காரின் எடைக்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது 32 எண்களை எழுதி, அதை ஒரு மாறி என்று கணினியிடம் கொடுங்கள். மைலேஜுக்கும் அந்த எண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் தவறுகளின் கூட்டுத்தொகை கொஞ்சம் குறையத்தான் செய்யும். கூட ஒருபோதும் கூடாது. ஏனென்றால் கணினி அந்த எண்களைத் தன் வசதிக்கு எப்படி வளைக்கலாம் என்று பார்த்து, மிகக் குறைந்த தவறு வரும் கெழுவைத்தான் தேர்ந்தெடுக்கிறது. தற்செயலாகக் கிடைக்கும் சிறு ஒற்றுமையையும் விட்டுவைக்காது. எவ்வளவு குறையும் என்பதற்குக் கணக்கு உண்டு. மொத்தம் 1126.05, சராசரியைக் கண்டுபிடிக்க ஒன்று செலவாகிவிட்டதால் மிச்சம் 31 பங்கு. ஒரு பங்கு 36.3. உதவாத ஒரு பத்தி, சராசரியாக அந்த ஒரு பங்கை இலவசமாக விழுங்கிவிடும். இரண்டு குப்பைப் பத்திகள் கொடுத்தால் சுமார் 72.6 போகும். பத்து கொடுத்தால் 363. அதாவது சுத்தக் குப்பையை வைத்துக்கொண்டே ஆர் ஸ்கொயர் 0.32 வாங்கிவிடலாம். சமூக அறிவியல் ஆய்வேட்டில் 0.32 வந்தால் சிலர் மகிழ்ந்தே போவார்கள்.

இந்த இலவசத்தைக் கழித்துப் பார்க்கும் வழிதான் எஃப். விளக்கப்பட்ட 931-ஐ, பயன்படுத்திய மாறிகளின் எண்ணிக்கையான 2-ஆல் வகுக்கிறோம்: மாறிக்கு 465.50. விளக்கப்படாத 195.05-ஐ, மிச்சமுள்ள 29 பங்குகளால் வகுக்கிறோம்: பங்குக்கு 6.73. மாறிகள் குப்பையாக இருந்திருந்தால் இரண்டு எண்களும் ஏறத்தாழ 36-இல் நின்றிருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒன்றையொட்டி வரும். பத்துக் குப்பைப் பத்திகள் தந்த 0.32-க்கும் இதே கணக்கைப் போட்டால் எஃப் மிகச் சரியாக 1 வரும். ஆர் ஸ்கொயர் ஏமாந்த இடத்தில் எஃப் ஏமாறவில்லை. நம் கார்க் கணக்கில் 465.50-ஐ 6.73-ஆல் (இன்னும் துல்லியமாக 6.726-ஆல்) வகுக்க 69.21. குப்பை தரக்கூடிய ஒன்றுக்குப் பதிலாக அறுபத்தொன்பது.

அளவுகோலின் கதை இங்கே ஒரு வரி. ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலில் இந்த விகிதத்தை நேராகச் சொல்லாமல், அதன் மடக்கையில் பாதியை எடுத்து அட்டவணை போட்டிருந்தார். அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஜார்ஜ் ஸ்னெடெகர்தான் 1934-இல் விகிதத்தையே நேரடியாக அட்டவணைப்படுத்தி, ஃபிஷரைக் கௌரவிக்க அவர் பெயரின் முதல் எழுத்தைச் சூட்டினார்.

2-ம் 29-ம் `df` இருக்கும்போது, தற்செயலாக வரும் எஃப் நூற்றில் ஐந்து முறைதான் 3.33-ஐத் தாண்டும். 69.21 எங்கே, 3.33 எங்கே! திரையில் வரும் `9.109e-12` என்ற பி மதிப்பு சொல்வது இதைத்தான்: எடைக்கும் குதிரைத்திறனுக்கும் மைலேஜோடு தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய எஃப் அல்லது இதைவிடப் பெரியது வருவதற்கு லட்சம் கோடியில் ஒன்பது வாய்ப்பு. எக்செலில் இந்தப் பத்திக்கு `Significance F` என்று தலைப்பு போட்டுவிட்டார்கள். அது எஃப் அல்ல, பி மதிப்பு. எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்புகளில் `.000` என்று வரும். அதைப் பார்த்துவிட்டு வாய்ப்பு பூச்சியம் என்று எழுதிவிடக் கூடாது. மூன்று தசமத்துக்கு மேல் காட்டவில்லை, அவ்வளவுதான். 0.001-க்கும் குறைவு என்று எழுதுவதே முறை.

இனி கொஞ்சம் வழுக்கும் இடம். ஆர் மென்பொருளில் அனோவா அட்டவணை வேண்டும் என்று `anova()` கட்டளையைக் கொடுத்தால், மேலே பார்த்த மூன்று வரி அட்டவணை வராது. இது வரும்:

```
          Df Sum Sq Mean Sq F value    Pr(>F)
wt         1 847.73  847.73 126.041 4.488e-12
hp         1  83.27   83.27  12.381  0.001451
Residuals 29 195.05    6.73
```

69.21-ஐக் காணோம். அதற்குப் பதில் இரண்டு எஃப். 931 என்ற மொத்தத்தை இரண்டு மாறிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பார்த்தவுடன், "எடை விளக்கியது 848, குதிரைத்திறன் விளக்கியது 83, எடை பத்து மடங்கு முக்கியம்" என்று எழுதக் கை பரபரக்கும். எழுதுவதற்கு முன் கட்டளையில் மாறிகளின் வரிசையை மட்டும் மாற்றி, `mpg ~ hp + wt` என்று கொடுத்துப் பாருங்கள். குதிரைத்திறனுக்கு 678.37, எடைக்கு 252.63 என்று வரும். அதே கார்கள், அதே கெழுக்கள், அதே 195.05 மிச்சம். முக்கியத்துவம் மட்டும் தலைகீழ்.

காரணம், இந்த அட்டவணை வந்த வரிசையில் பங்கு போடுகிறது. முதலில் எழுதிய மாறி, தன்னால் முடிந்த அளவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அடுத்தது, மிச்சத்தில் என்ன கிடைக்கிறதோ அதை. கனமான காரில் பெரிய எஞ்சின் இருப்பது வழக்கம். ஆகவே எடை, குதிரைத்திறன் இரண்டில் எதைக் கொண்டும் விளக்கிவிடக்கூடிய பொதுப் பகுதி நிறைய இருக்கிறது. அது முந்தியவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. குதிரைத்திறன் கடைசியாக வந்தபோது கிடைத்த 83.27-ம், எடை கடைசியாக வந்தபோது கிடைத்த 252.63-ம்தான் அந்தந்த மாறிக்கு மட்டுமே உரியவை. இரண்டையும் கூட்டினால் 335.90. மிச்சம் 595 இரண்டுக்கும் பொது. அதை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு நியாயமான ஒரே வழி என்று எதுவும் இல்லை.

கெழுக்களின் பட்டியலில் வரும் டி மதிப்புகள் ஒவ்வொரு மாறியையும் கடைசியாக வந்தவராகவே நடத்துகின்றன. குதிரைத்திறனின் டி மதிப்பு -3.519. அதை வர்க்கப்படுத்துங்கள்: 12.38. அட்டவணையின் கடைசி மாறியின் எஃப் அதேதான். எடையின் டி -6.129; வர்க்கம் 37.56, வரிசை மாறிய அட்டவணையில் எடைக்கு வரும் எஃப்-ம் அதுவே. கையில் இருக்கும் அட்டவணை எந்த வகை என்று சந்தேகம் வந்தால் இந்த வர்க்கக் கணக்கே போதும். எல்லா வரிகளிலும் டி-யின் வர்க்கமே எஃப்-ஆக நின்றால், அது வரிசையைச் சாராத அட்டவணை. கடைசி வரியில் மட்டும் பொருந்தினால், வரிசைப்படி பங்கு போட்டது.

இரண்டு மாறிக்கே இந்தப் பாடு என்றால், தரவில் உள்ள பத்து மாறிகளையும் அள்ளிப் போட்டால்? சிலிண்டர் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு, கியர், கார்புரேட்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்து `lm(mpg ~ ., data = mtcars)` என்று கொடுங்கள். கடைசி வரியில் எஃப் 13.93, `df` 10-ம் 21-ம், பி மதிப்பு `3.793e-07`. சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. மேலே கெழுக்களின் பட்டியலைப் பார்த்தால் ஐந்து விழுக்காட்டு எல்லைக்குள் ஒரு மாறிகூட இல்லை! எல்லாவற்றிலும் சிறிய பி மதிப்பு எடையினுடையது, அதுவும் 0.063.

மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று மாணவர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான். முரண்பாடு எதுவும் இல்லை. ஒரு தேரைப் பத்துப் பேர் இழுக்கிறார்கள். ஒருவர் கையை எடுத்தாலும் தேர் நிற்காது. அதற்காக யாருமே இழுக்கவில்லை என்று சொல்ல முடியுமா? டி மதிப்பு கேட்பது "மற்ற ஒன்பதும் இருக்கும்போது நீ எதற்கு?" என்ற கேள்வியை. கடைசி வரியின் எஃப் கேட்பது "பத்தும் சேர்ந்து ஏதாவது செய்கிறீர்களா?" என்பதை. எடை, கொள்ளளவு, சிலிண்டர், குதிரைத்திறன் எல்லாம் ஒரே விஷயத்தை, அதாவது கார் எவ்வளவு பெரியது என்பதை, வெவ்வேறு வார்த்தையில் சொல்கின்றன. எடைக்கும் கொள்ளளவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு மட்டும் 0.89. ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தால் எல்லோருமே வேண்டாதவர்கள் என்று தீர்ப்பு வருகிறது.

அப்படியானால் பத்தில் எட்டைத் தள்ளிவிடலாமா? தள்ளலாமா என்பதையும் எஃப்-ஐக் கொண்டே கேட்கலாம். என் பார்வையில் அனோவா அட்டவணையின் மிகப் பயனுள்ள உபயோகம் இதுதான். பத்து மாறிகளுக்குப் பிறகு மிச்சத் தவறு 147.49. இரண்டு மாறிகளுக்குப் பிறகு 195.05. கூடுதல் எட்டு மாறிகள் குறைத்தது 47.56, மாறிக்கு 5.9. பெரிய மாதிரியின் மிச்சத்தில் ஒரு பங்கு, 147.49-ஐ 21-ஆல் வகுக்க, 7.0. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.85. ஒன்றுக்கும் கீழே! குப்பைப் பத்திகள் இலவசமாகத் தரக்கூடியதைக்கூட அந்த எட்டும் தரவில்லை. ஆர் ஸ்கொயர் 0.827-லிருந்து 0.869-க்கு உயர்ந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தால் அது வெறும் பொய்ப் பெருமை. ஆரில் இரண்டு மாதிரிகளையும் ஒன்றாக `anova()`-வுக்குக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே போட்டுவிடும். ஒரு மாதிரியின் மாறிகள் எல்லாம் மற்றதிலும் இருக்க வேண்டும், கார்களும் அதே கார்களாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. விடுபட்ட மதிப்புகள் உள்ள தரவில் கூடுதல் மாறியைச் சேர்த்தால் சில வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அப்போது ஒப்பீடு செல்லாது. `Total` வரியின் `df` மாறியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேர்மாறான நிலையும் உண்டு. கடைசி வரியின் எஃப் தேறவில்லை, ஆனால் பத்தில் ஒரு மாறிக்கு மட்டும் நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை நம்பி ஓட வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பத்துக் குப்பைப் பத்திகளில் ஒன்றாவது ஐந்து விழுக்காட்டு எல்லைக்குள் விழ, நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு.

முதலில் சொன்ன அந்த ஆய்வேட்டு வாக்கியத்தின் இரண்டாம் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது: "ஆகவே மாதிரி பொருத்தமானது." இரண்டு மாறி மாதிரியில் மிஞ்சிய 195.05-ஐக் கார்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டொயோட்டா கரோலா ஒன்றே 34, ஃபியட் 128 இன்னொரு 34, கிரைஸ்லர் இம்பீரியல் 30. முப்பத்திரண்டு கார்களில் மூன்று மட்டும் மொத்தத் தவறில் பாதியைச் சுமக்கின்றன. முதல் இரண்டும் இலகுவான சின்ன வண்டிகள். மூன்றாவது லிங்கனோடு சேர்ந்து மிகக் கனமானவற்றில் ஒன்று. மூன்றிலும் உண்மை மைலேஜ், கணித்ததைவிட ஐந்தரை மைலுக்குக் குறையாமல் அதிகம். இரு கோடிகளிலும் உண்மை மேலே, கோடு கீழே. எடை கூடக்கூட மைலேஜ் நேர்கோட்டில் இறங்கவில்லை, முதலில் சரிந்து பிறகு தணிந்து வளைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. எச்சங்களை வரைபடமாகப் போட்டால் ஒரு பார்வையில் தெரியும். அனோவா அட்டவணையில் தெரியவே தெரியாது. அங்கே வளைவும் இரைச்சலும் `Residual` என்ற ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. சராசரியை ஜெயித்ததற்குத்தான் 69.21 சான்று. சரியான வடிவத்தைக் கண்டுபிடித்ததற்கு அல்ல.

இன்னொன்றும் அட்டவணையில் தெரியாது: அந்த மாறிகள் எப்படி அங்கே வந்தன என்பது. புள்ளியியலாளர் டேவிட் ஃப்ரீட்மன் 1983-இல் ஒரு சோதனை செய்து காட்டினார். 100 வரிகள், 50 பத்திகள், எல்லாமே கணினி உருட்டிப் போட்ட சம்பந்தமற்ற எண்கள். முதல் ஓட்டத்தில் ஆர் ஸ்கொயர் 0.5-ஐ ஒட்டி வந்தது. 99 பங்கில் 50 இலவசம் என்பதால் அதில் வியப்பில்லை. எஃப்-ம் ஏமாறவில்லை. பிறகு, ஓரளவு தேறியதுபோல் தெரிந்த 15 பத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது எஃப்-இன் பி மதிப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. `df` பத்தியில் 15 என்றுதான் இருந்தது. தூக்கி எறிந்த 35-க்கான கட்டணத்தை யாரும் கணினியிடம் கட்டவில்லை. கட்டச் சொல்லி அதுவும் கேட்கவில்லை. படிப்படியாக மாறிகளைச் சேர்த்தும் நீக்கியும் தேர்ந்தெடுத்த மாதிரிகளின் கடைசி வரியை நான் அதனால்தான் பாதி மதிப்பெண்ணோடு படிக்கிறேன். முதலில் எத்தனை பத்திகளோடு தொடங்கினார்கள் என்று ஆய்வாளரைக் கேட்டால்தான் தெரியும்.